கூரையின் அடியில் ஒட்டிய கறுப்புத் துணி

திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரியின் டாக்டர் என்னை போனில் கூப்பிட்டபோது நான் எரியோடு என்ற பக்கத்து ஊரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அஸ்திவாரக் குழி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், எங்க டயாலிசிஸ் வார்டு சீலிங்ல ஒரு விரிசல் இருக்கு. நீங்க வந்து பாத்துச் சொன்னா நல்லது."

"நாளைக்கு வரட்டுமா டாக்டர்?"

"இன்னைக்கே முடியுமா?" என்றார்.

அவர் பதறுகிற ஆள் இல்லை. அதனால் குழியை மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டு உடனே திண்டுக்கல்லுக்குக் கிளம்பினேன்.

கட்டட அமைப்புப் பொறியாளர் என்று சொல்லிக்கொண்டாலும் திண்டுக்கல்லில் என் பிழைப்பு பெரும்பாலும் வீடு, கடை, மண்டபம் இவற்றுக்குக் கம்பி கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் பழைய கட்டடங்களைப் பலப்படுத்தும் கம்பெனி ஒன்றில் சில வருடம் இருந்தேன். பாலத்தின் வயிற்றில் கார்பன் துணி ஒட்டுவதை அங்கேதான் பார்த்தேன். அப்போது கையெழுத்துப் போட எனக்கு மேலே மூன்று பேர் இருந்தார்கள். இங்கே நான் ஒருத்திதான்.

சிறிய ஆஸ்பத்திரி. முதல் மாடியில் வார்டு. பத்துப் படுக்கை, பத்து மிஷின். அதற்கு மேலே மொட்டைமாடி. நான் போனபோது ஒன்பது பேர் படுத்திருந்தார்கள். ரத்தம் சிவப்புக் குழாய்களில் போய்வந்துகொண்டிருந்தது. விரிசலை எனக்குக் காட்டியது டாக்டர் அல்ல, ஜன்னலோரப் படுக்கையில் இருந்தவர். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர். ஐம்பது, ஐம்பத்தைந்து வயதிருக்கும். வாரத்தில் மூன்று நாள், பூ ஏற்றிவரும் வேனிலேயே ஏறி வந்துவிடுவாராம்.

"அந்தா, டியூப்லைட்டுக்கு இங்கிட்டு பாருங்கம்மா. நாலு மணி நேரம் மல்லாந்து கெடக்கேன், பாக்க வேற என்ன இருக்கு? மொதல்ல தலைமுடி கணக்கா இருந்துச்சு. பொங்கல் கழிச்சு பாத்தா அம்புட்டுத் தூரம் ஓடியிருக்கு. சிஸ்டர்ட்ட சொன்னேன்."

சிஸ்டர் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். டாக்டர் அன்றைக்கே எனக்குச் சொல்லிவிட்டார். மற்ற இடங்களில் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை. பூச்சு வெடிப்பு என்று சொல்லி வெள்ளை அடித்துவிடுவார்கள்.

ஏணி போட்டு ஏறினேன். பூச்சைக் கொஞ்சம் தட்டி எடுத்தால் விரிசல் கான்கிரீட்டுக்குள்ளும் போயிருந்தது. இரண்டு பக்கத்து பீம்களுக்கும் சரிநடுவில், பீமுக்கு இணையாக ஓடியது. தளம் நடுவில் வளைந்து, அடிப்பக்கம் இழுபட்டு வாய் திறந்தால் விரிசல் இப்படித்தான் ஓடும்.

மாடிக்கு ஏறினேன். அங்கே தண்ணீர்த் தொட்டிகள் வரிசையாக நின்றன. டயாலிசிஸுக்குச் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். ஒருவருக்கு ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கு மேல் ஆகும். ஆஸ்பத்திரி ஆரம்பித்தபோது நான்கு மிஷின், ஒரு தொட்டி. நோயாளிகள் கூடக்கூட மிஷின் கூடியது. மிஷின் கூடக்கூட மாடியில் தொட்டி கூடியது. ஒவ்வொரு தொட்டிக்கும் செங்கல் மேடை, எல்லாமே தளத்தின் நடுவில். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு தொட்டிதானே என்று வைத்தது.

மனிதர்கள் வந்து நிற்க, துணி காயப்போட என்று சதுர மீட்டருக்கு நூற்றைம்பது கிலோ கணக்கில் கட்டிய மொட்டைமாடி அது. தொட்டிகளின் எடையைத் தளம் முழுக்கப் பரப்பிப் பார்த்தால் அறுநூறுக்குக் குறையாது என்று மனக்கணக்கிலேயே தெரிந்தது. மெதுவாக நடந்து பீமுக்கு மேலே போய் நின்றுகொண்டேன்.

"இப்ப ஓடுற ஷிஃப்ட்டுக்கு எந்தத் தொட்டித் தண்ணி போகுது?" என்று கீழே வந்து கேட்டேன்.

"சுத்தம் பண்ணின சின்னத் தொட்டிதான் மேடம்," என்றார் சிஸ்டர்.

"அது இருக்கட்டும். பெரிய தொட்டி ரெண்டையும் இப்பவே திறந்துவிடச் சொல்லுங்க. நடுவுல இருக்கிற கட்டில் நாலையும் அப்படியே மிஷினோட சுவர் பக்கம் நகத்த முடியுமா?"

முடிந்தது. கட்டிலுக்குச் சக்கரம் இருந்தது. யாருக்கும் குழாய் கழற்றாமல், அலாரம் அடிக்காமல், இரண்டு நர்சுகளும் டாக்டரும் சேர்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். சாயங்காலம் அந்த இடத்தில் இரும்பு முட்டுகள் நின்றன.

பிறகு சில நாள் சோதனை. கம்பி எங்கே, எத்தனை என்று ஸ்கேனர் வைத்துப் பார்த்தோம். கம்பி இல்லாத இடங்களில் உருளை உருளையாகக் கான்கிரீட் வெட்டியெடுத்து, மதுரை லேபில் நசுக்கிப் பார்த்தோம். பலம் குறையவில்லை. உடைந்த முகத்தில் மருந்து தெளித்ததும் பளிச்சென்று ரோஜா நிறம் வந்தது. உள்ளே கான்கிரீட்டின் காரத்தன்மை போகவில்லை, கம்பியைத் துரு தொடவில்லை என்று அர்த்தம். தளம் நல்ல தளம்தான். அதன் தலையில் ஏற்றியதுதான் அதிகம்.

டாக்டரின் அறையில் உட்கார்ந்து பேசினோம்.

"இடிச்சுட்டுப் புதுசாப் போடலாம், மாசக்கணக்காகும். அடியில இரும்பு பீம் குடுக்கலாம், ஏசி குழாய், ஆக்சிஜன் குழாய் எல்லாத்தையும் மாத்தணும், தலையும் இடிக்கும். மூணாவது, அடியில கார்பன் துணி ஒட்டலாம்."

"துணியா?"

"துணி மாதிரிதான் இருக்கும். ரெசின்ல நனைச்சு ஒட்டினா இறுகிடும். இழுவையில கம்பியைவிடப் பல மடங்கு பலம். ஆனா டாக்டர், இப்ப மேல இருக்கிற அம்புட்டு எடைக்கும் அதை ஒட்டித்தர மாட்டேன்."

ஏன் என்று கேட்டார். சொன்னேன். துணியைப் பிடித்துக்கொண்டிருப்பது பசை. தீப்பிடித்தால் தளம் விழுவதற்கு ரொம்ப முன்னாலேயே அந்தப் பசை இளகிவிடும். அதனால் கணக்கின் முதல் வரி கார்பன் இல்லாமல்தான் தொடங்கும். துணி மொத்தமும் உரிந்து போனாலும், பழைய கம்பியும் பழைய கான்கிரீட்டும் மட்டுமே தளத்தின் சொந்த எடையைப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகவும், மேலே இருக்கும் எடையில் முக்கால் பங்கையும் தாங்கி நிற்க வேண்டும். நின்றால்தான் ஒட்டலாம். அறுநூறு கிலோ போட்டுப் பார்த்தால் நிற்கவில்லை. முந்நூற்றைம்பது போட்டால் நின்றது.

"அதாவது, மருந்து நின்னுபோனாலும் நோயாளி ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் உயிரோட இருக்கணும்," என்றார்.

"அதேதான்."

பெரிய தொட்டி இரண்டையும் தூண்களின் தலைக்கு நேராக, பீமிலிருந்து பீமுக்கு இரும்புச் சட்டம் போட்டு அதன்மேல் ஏற்றுவது என்று முடிவானது. அந்த எடை தளத்தைத் தொடாமலே தூணுக்குப் போய்விடும். பீமும் தூணும் தாங்குமா, பீமுக்கு மேலே தளத்தின் மேல்பக்கக் கம்பி போதுமா என்று தனியாகப் பார்த்தேன். போதும். மிச்சமுள்ள முந்நூற்றைம்பதில் தளம் விழாமல் நின்றால் மட்டும் போதாது, விதி கேட்கும் முழுப் பாதுகாப்பு அளவோடு பார்த்தால் தளத்தின் நடுவில் கம்பி போதவில்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் கார்பன். அதிலும் கார்பனின் முழுப் பலத்தைக் கணக்கில் எடுக்க முடியாது. துணி அறுவதற்கு முன்னால் கான்கிரீட்டிலிருந்து உரிந்துவிடும். உரியாத அளவுக்கு, அதாவது பாதிக்குச் சற்று மேலே மட்டும், அதை வேலை வாங்கலாம். உச்சி வெயில் நேரத்தில் தளத்தின் அடிப்பக்கம் எவ்வளவு சூடாகிறது என்றும் அளந்து பார்த்தேன். கை பொறுக்கிற சூடுதான். பசை இளகும் சூட்டுக்கு ரொம்பக் கீழே இருந்தது.

வார்டை மூட வேண்டியிருந்தது. தளத்தில் எடை இருக்கும்போது ஒட்டினால் துணி அந்த எடையில் பங்கு வாங்காது. பிறகு ஏற்றுவதில்தான் வாங்கும். அதனால் தொட்டிகளைக் காலி செய்து, முட்டுகளைத் திருகி இறுக்கித் தளத்தை அணைத்து வைத்துக்கொண்டுதான் ஒட்ட வேண்டும். டாக்டர் நோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேரை ஊருக்குள் இன்னொரு ஆஸ்பத்திரிக்கும் பாதிப் பேரை மதுரைக்கும் அனுப்ப ஏற்பாடு செய்தார். மல்லிகைக்காரருக்கு மதுரை வந்தது.

"போய்ட்டு வாரேன். ஆனா சீக்கிரம் முடிங்கம்மா," என்று என்னிடம் சொன்னார். "அங்கன முடிஞ்சு பஸ் ஏறுனா நிக்கக்கூட தெம்பு இருக்காது."

டயாலிசிஸ் முடிந்தவுடன் ஒரு மனிதன் எவ்வளவு ஓய்ந்து போகிறான் என்பதை நான் அந்த நாட்களில்தான் பார்த்தேன். மற்ற வேலைகளில் நாள் தள்ளிப்போனால் வாடகை போகும், முகூர்த்தம் போகும். இங்கே அப்படி இல்லை. டாக்டர் எல்லோரிடமும் ஒரு திங்கட்கிழமையைச் சொல்லிவிட்டார். அந்தத் திங்கட்கிழமைக்கு நானும் தலையாட்டியிருந்தேன்.

வேலைக்கு மதுரையிலிருந்து ஒரு குழு வந்தது. அதன் சூப்பர்வைசர் எனக்கு முன்பே தெரிந்தவர், கார்பன் வேலையில் அனுபவம் உள்ளவர். முதலில் பூச்சு முழுவதையும் உரித்தார்கள். பிறகு வைர வட்டு போட்ட கிரைண்டரால் கான்கிரீட்டின் மேல்தோலைத் தேய்த்தார்கள். கான்கிரீட் இறுகும்போது முகத்தில் ஒரு பால் படியும். பார்க்க வழவழவென்று அழகாக இருக்கும், பிடிக்குத் துளியும் உதவாது. அது போய் உள்ளே இருக்கிற ஜல்லி தெரிய வேண்டும். கிரைண்டரோடு தூசி உறிஞ்சும் கருவி வைத்திருந்தும் தூசியில் ஆள் அடையாளம் தெரியவில்லை. மேடு பள்ளத்தைச் சமமாக்கினார்கள், விரிசலுக்குள் ஊசிமூக்கு வைத்து எபாக்ஸிப் பசையை ஏற்றினார்கள், தூசியை உறிஞ்சித் துடைத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி மறுநாள் எடுத்துப் பார்த்தோம். உள்ளே ஒரு சொட்டு வியர்வை இல்லை. தளம் காய்ந்திருந்தது.

ஒட்டியது இறுகவும் எடை வைத்துப் பார்க்கவும் நாள் வேண்டும் என்பதால், அந்தத் திங்கட்கிழமைக்கு ஒன்பது நாள் முன்னால், சனிக்கிழமை காலை துணி ஒட்டுவதாக இருந்தது. அதற்கு முன்னால் பிடிச் சோதனை. ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வட்டமாகக் கான்கிரீட்டில் கொஞ்சம் ஆழம் வெட்டி, அந்த வட்டத்தில் ஓர் உலோக வில்லையை ஒட்டி, இறுகியதும் கைக்கருவியால் நேராகக் கீழே இழுப்பது. எவ்வளவு இழுத்தால் பிய்கிறது என்பது ஒரு கேள்வி. எங்கே பிய்கிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. சதுர மில்லிமீட்டருக்கு 1.4 நியூட்டனாவது தாண்ட வேண்டும். தாண்டியும் கான்கிரீட்தான் உடைய வேண்டும்.

முதல் வில்லை 2.1க்குப் போய்ப் பட்டென்று வந்தது. அதன் முகத்தில் ஒரு கடி கான்கிரீட், நடுவில் அறுந்த ஜல்லி. இரண்டாவது 1.9. அதுவும் அப்படியே. மூன்றாவது, ஜன்னலோர மூலையில். சூப்பர்வைசர் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார், முள் அரையைத் தாண்டியதும் வில்லை சத்தமே இல்லாமல் கையோடு வந்துவிட்டது.

வில்லையின் முகத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய ஏடு ஒட்டியிருந்தது. ஒரு ஜல்லிகூட இல்லை.

"பசை சரியா புடிக்கலையோ என்னமோ. இன்னொண்ணு ஒட்டிப் பாப்போம் மேடம்," என்றார்.

பக்கத்திலேயே ஒன்று ஒட்டினோம். பசை இறுகக் காத்திருந்தோம். அதுவும் அப்படியே வந்தது.

நான் ஏணியில் ஏறி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். மற்ற இடமெல்லாம் கறுப்பும் சாம்பலுமாக ஜல்லி முகம் காட்டிக்கொண்டிருக்க, அந்த மூலையில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு வெறும் மணல். சுத்தியால் தட்டினால் நல்ல சத்தம்தான் வந்தது. கையால் தடவினால் வித்தியாசமே இல்லை. ஸ்கேன் செய்த நாளில் பூச்சு இருந்தது. தேய்த்த பிறகு டார்ச்சைச் சாய்க்காமல் பார்த்தால் எல்லாமே ஒரே சாம்பல். டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டதும் யோசித்துச் சொன்னார்: ரொம்ப நாளுக்கு முன்னால் அந்த மூலையில் மழைத்தண்ணீர் கசிந்ததாம், அப்போது யாரோ கொத்திவிட்டு சிமெண்ட் கலவை அடைத்தார்களாம்.

"மேடம், அந்த எடத்துல ஒரு லேயர் சேத்துப் போட்டுருவோமா?" என்றார் சூப்பர்வைசர். "திங்கக்கெழம தொறக்கணும்னு சொல்லிருக்காங்க."

"எத்தனை லேயர் போட்டாலும் பிடி அந்தக் கலவையோடதானே? அதுக்கே உள்ள பலம் இல்ல. துணியும் கலவையும் சேந்து உரிஞ்சு வந்துரும்."

அவருக்கும் அது தெரியும். திங்கட்கிழமைக்காகத்தான் கேட்டார். "அப்ப கொத்தத்தான் வேணும்," என்று சொல்லிவிட்டுத் தன் ஆட்களைக் கூப்பிடப் போனார்.

டாக்டரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கொத்தி எடுத்து, நல்ல கான்கிரீட் வரை போய், கம்பியைச் சுத்தம் செய்து, பழுதுபார்க்கும் கலவை அடைத்து, அது முற்றிய பிறகு மறுபடி வில்லை ஒட்டி இழுத்துப் பார்த்தால்தான் துணி. ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போகும். அவர் வில்லையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மெல்லிய ஏட்டை நகத்தால் சுரண்டினார். உதிர்ந்தது.

"இது மேலதான் ஒட்டப் போறோம்னு இருந்தோமா?"

"ஆமா டாக்டர்."

அவர் வில்லையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். என் முன்னாலேயே நோயாளிகளுக்கு ஒவ்வொருவராக போன் போட்டார். மல்லிகைக்காரரிடம் பேசியபோது போனை என்னிடம் கொடுத்தார்.

"என்னம்மா, திங்கக்கெழம இல்லையாமே?"

"இல்லண்ணே. ஒரு மூலையில பிடி இல்ல. சரி பண்ணிட்டுத்தான் ஒட்டணும்."

பின்னால் பஸ் ஹார்ன் சத்தம் கேட்டது.

"எந்த மூல?"

"ஜன்னல் பக்கம். உங்க கட்டிலுக்கு மேல."

"அப்ப நல்லாப் பாத்தே பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் அந்தக் குரலிலிருந்த சோர்வு என்னை விடவில்லை. ஒரு வாரம் என்றால் அவருக்கு மூன்று பயணம். சரியென்று தெரிந்தே செய்த காரியம்தான்.

கொத்தினார்கள். கலவைக்கு அடியில் இரண்டு கம்பிகளில் லேசான துரு. கம்பிப் பிரஷ்ஷால் பளபளக்கும் வரை தேய்த்து, துருத் தடுப்பு பூசி, பாலிமர் கலந்த பழுதுக்கலவையை அடைத்தார்கள். கசிவு எங்கிருந்து வந்தது என்று மாடியில் தேடி, ஒரு குழாய்த் துளையைக் கண்டுபிடித்து அடைத்தோம். கலவை முற்றியதும் தேய்த்து, மறுபடி வில்லை ஒட்டி இழுத்தோம். முள் அரையைத் தாண்டியது, ஒன்றைத் தாண்டியது, ஒன்றரையைத் தாண்டியது. பட்டென்று வந்தபோது வில்லையின் முகத்தில் கலவையும், அதற்குப் பின்னால் பழைய கான்கிரீட்டும் சேர்ந்தே வந்திருந்தன. ஒட்டிய இடம் பிரியவில்லை. கல்லே உடைந்திருந்தது.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் துணி ஒட்டினார்கள். சுருளைப் பிரித்தார்கள். எனக்கு அது புதிதல்ல, ஆனாலும் ஒவ்வொரு முறையும் நம்ப முடிவதில்லை. கறுப்புப் பட்டு மாதிரி மின்னும், எல்லா இழையும் ஒரே திசையில் ஓடும். குறுக்கே லேசான தையல் மட்டும். கையில் எடுத்தால் வேட்டி கனம்கூட இல்லை. கத்தரிக்கோலால் வெட்டலாம், சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். சிஸ்டர் வந்து ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுவா மேடம் தாங்கப் போகுது? இதைவிட எங்க யூனிஃபார்ம் துணி கனமா இருக்குமே."

"கையால இழுத்துப் பாருங்க."

இழுத்தார். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

முதலில் கான்கிரீட்டுக்கு பிரைமர் பூசினார்கள். மெல்லிய தேன் நிறம், காய்ந்த மண் தண்ணீரைக் குடிப்பது போல் குடித்தது. சின்னக் குழிகளை எபாக்ஸி மாவால் நிரப்பினார்கள். பிறகு ரெசின். நம்ம ஊர் வெயிலில் கலந்த ரெசின் வாளியிலேயே சூடேறிக் கெட்டிப்பட்டுவிடும் என்பதால், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வாளியைத் தண்ணீர்த் தட்டில் வைத்திருந்தார்கள். ஒருவர் ரோலரால் தளத்தில் ரெசின் தடவ, இரண்டு பேர் துணியைத் தலைக்கு மேல் ஏந்தி, பீமிலிருந்து பீம் வரைக்கும் நீட்டிப் பிடித்து ஒட்டினார்கள். இழை போகும் திசை கோணவே கூடாது, தளம் எந்தத் திசையில் வளைகிறதோ அந்தத் திசையிலேயே ஓட வேண்டும். இன்னொருவர் வரி போட்ட உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக் காற்றை வெளியேற்றினார். உலர்ந்த கறுப்பு நனைந்த கறுப்பாக மாறியது. ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, கூரையில் கறுப்புச் சாலைகள் போட்டதுபோல் பட்டை பட்டையாக ஓடின. எல்லோரும் அண்ணாந்தபடியே வேலை செய்தார்கள்.

இறுகிய பிறகு ஒவ்வொரு பட்டையையும் சின்னச் சுத்தியால் நானே தட்டிக்கொண்டு போனேன். நல்ல பிடிப்புள்ள இடம் கல்லின் சத்தம் தரும். அடியில் காற்று அகப்பட்ட இடம் அப்பளத்தைத் தட்டியதுபோல் வெற்றுச் சத்தம் தரும். நாணய அளவு காற்றுக் குமிழிகள் அங்கொன்று இங்கொன்று இருந்தன. அவை இருந்துவிட்டுப் போகலாம். ஒரு இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் காற்றுப் பொள்ளல். இரண்டு துளையிட்டு ஊசியால் ரெசின் ஏற்றினோம். மறுநாள் தட்டியபோது அதுவும் கல்லாகியிருந்தது. சோதனைக்கென்றே ஓரமாக ஒட்டி வைத்திருந்த துண்டுகளிலும் வில்லை ஒட்டி இழுத்தோம். கார்பன், பசை, கான்கிரீட் மூன்றும் ஒன்றாக வந்தன. உடைந்தது கான்கிரீட் மட்டும்.

கடைசியாக எடைச் சோதனை. அதை நான் டாக்டரிடம் முதலிலேயே கேட்டு வாங்கியிருந்தேன். கணக்கை நானும் நம்புகிறேன்தான். ஆனால் அதற்கு அடியில் எழுந்து ஓட முடியாதவர்கள் படுக்கப் போகிறார்கள்.

முட்டுகளைத் தளத்தைத் தொடாதபடி இறக்கி, தப்பித்தவறி விழுந்தால் பிடிக்கட்டும் என்று அப்படியே நிறுத்தினோம். வார்டுக்குள் தளத்தின் நடுவில் அளவுக் கடிகாரங்களை வைத்தோம், தலைமுடி அளவு அசைந்தாலும் முள் காட்டும். மாடியில் டிரம்களைத் தளம் முழுக்கப் பரப்பி, தாங்க வேண்டிய எடைக்கு மேல் கால் பங்கு கூடுதலாகத் தண்ணீர் நிரப்பினோம். நான் கீழே நின்று முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. முள் மெதுவாக, நெல்முனை அளவு நெல்முனை அளவாக நகர்ந்தது. எல்லா டிரம்மும் நிரம்பியபோது இரண்டு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டி நின்றது. நின்றே விட்டது. விதி அனுமதிக்கும் அளவு நான்குக்கு மேல்.

ஒரு முழு நாள் அப்படியே விட வேண்டும். வெயிலில் தளமே விரிந்து வளையும் என்பதால் அளவை வெயில் ஏறுவதற்கு முந்திய அதே நேரத்தில்தான் ஒப்பிட வேண்டும். மறுநாள் விடிந்ததும் போனேன். முள் தலைமுடி அளவு கூடியிருந்தது, அவ்வளவுதான். தண்ணீரைத் திறந்துவிட்டோம். மாடியிலிருந்து குழாய் வழியாகத் தெருச் சாக்கடைக்கு அது ஓட ஓட, கீழே முள் பின்னால் போனது. அதன் அடுத்த விடியலில் கிட்டத்தட்ட கிளம்பிய இடத்திலேயே நின்றது.

டாக்டர் பக்கத்தில் நின்றிருந்தார். "திரும்பிருச்சா?"

"திரும்பிருச்சு."

இத்தனை வருடத்தில் எத்தனையோ தளங்களுக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். ஒரு தளம் சுமந்து, வளைந்து, மறுபடி நிமிர்வதை நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. டன் கணக்கில் தண்ணீர், அதற்கு அடியில் தபால் அட்டை கனத்துக்கு ஒரு கறுப்புத் தோல், இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்கே தெரியாத பசை. அந்தப் பசையின் பிடி ஒரு மூலையில் இல்லாமல் போயிருக்கும் என்பதையும் நினைத்துக்கொண்டேன். அந்த அறையில் எனக்குக் கோயிலுக்குள் நிற்பது போல் இருந்தது.

தீத்தடுப்புப் பூச்சு பூசி, அதன்மேல் வெள்ளை அடித்து, தொட்டிகளைப் புது இடத்தில் நிறுத்தி வார்டைத் திறந்தார்கள். இந்தத் தளத்தில் இதற்கு மேல் எடை வைக்கக் கூடாது, அடியில் துளை போடக் கூடாது என்று மாடிப் படியிலும் வார்டு வாசலிலும் பலகை எழுதிவைக்கச் சொன்னேன்.

திறந்த அன்று நான் போயிருந்தேன். மல்லிகைக்காரர் சுவரோரமாக வேறு கட்டிலில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையசைத்தார்.

"பழைய எடத்துலயே போட்டுக்கலாம்ண்ணே. இப்ப அந்த மூலைதான் நல்லா கெட்டியா இருக்கு," என்றேன்.

"அது தெரியும்மா. அங்கிட்டு ஏசிக் காத்து நேரா மூஞ்சில அடிக்கிது, அதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு போன்ல பேசறப்ப கொஞ்சம் கோவந்தான். மதுரைல போய்க் கெடந்தப்ப யோசிச்சேன். அவசரப்பட்டு ஒட்டிருந்தா நானுல்ல கீழ கெடப்பேன்," என்றார்.

பூ விலை எப்படி என்று கேட்டேன். பனி விட்டுவிட்டதால் வரத்து கூடி விலை இறங்கிவிட்டதாகச் சொல்லி, தோட்டத்தைப் பற்றி விலாவாரியாகப் பேசத் தொடங்கினார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.